வயர்லெஸ் சார்ஜிங் விட்டு விட்டு நிற்கிறதா? கவரையும் தகட்டையும் வீட்டிலேயே சோதிக்கும் முறை

போனைப் பேடில் வைத்ததும் ‘டிங்’ என்று சத்தம் வரும், சார்ஜ் ஏறும். இரண்டு நொடியில் நின்றுவிடும். மறுபடி ‘டிங்’. இரவு முழுக்க இப்படியே ஓடி, காலையில் பார்த்தால் முப்பது சதவீதம் இருக்கும், போன் மட்டும் கொதிக்கும்.

என் மச்சானின் போனில் இந்தத் தொல்லை வந்தபோது கடைக்காரர் பேடை மாற்றச் சொன்னார், சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் இரண்டுமே தேவைப்படவில்லை. காரணம் போனுக்கும் பேடுக்கும் நடுவே இருந்த சில மில்லிமீட்டரில் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாக எழுதுகிறேன். பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

தேவையான பொருள்கள்: சாதாரண ஏ4 தாள் ஒரு ஐம்பது, ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்ன மேக்னெட் ஒன்று, மாஸ்கிங் டேப், பேடோடு வந்த குறிப்புத்தாள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரி முப்பதிலிருந்து அறுபது சதவீதத்துக்குள் இருக்கும்போது சோதியுங்கள். எண்பதுக்கு மேல் போனால் போனே வேகத்தைக் குறைக்கும், சில போன்களில் அங்கேயே நிறுத்தும்படி செட்டிங்கும் இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் போனில் வயர்லெஸ் சார்ஜிங் உண்டா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நடுத்தர விலையில் வரும் பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இல்லை. பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

1. எத்தனை நொடிக்கு ஒருமுறை நிற்கிறது என்று பாருங்கள்

பேடுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிய ‘காயில்’ ஒன்று, போனின் பின்பக்கம் அதே மாதிரி இன்னொன்று. பேட் முதலில் சின்னதாக ஒரு துடிப்பு அனுப்பி ‘மேலே யாராவது இருக்கிறார்களா’ என்று பார்க்கும். போன் விழித்து, தான் யார் என்று சொல்லும். அதன்பிறகு மின்சாரம் வரத் தொடங்கும். வரும்போதும் போன் சும்மா இருக்காது. ‘இன்னும் கொஞ்சம் கூட்டு, போதும், குறை’ என்று அந்தக் காயில் வழியாகவே நொடிக்குப் பல தடவை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றரை இரண்டு நொடி வரை அந்தச் செய்தி வராவிட்டால், போனை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பேட் நிறுத்திவிடும். பிறகு மறுபடி துடிப்பு, மறுபடி ‘டிங்’.

அதனால் நிற்கும் இடைவெளியே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். ஓரிரு நொடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தால் காயில்கள் நேருக்கு நேர் இல்லை, அல்லது நடுவில் தூரம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். சில நொடிகள் நன்றாக ஓடி, பேடின் விளக்கு வேகமாகச் சிமிட்டி நின்றால் உள்ளே ஏதோ உலோகம் இருக்கலாம். பேடின் விளக்கே முழுக்க அணைந்து, பிளக்கில் புதிதாகச் செருகியது போல மீண்டும் எரிந்தால், அடாப்டரையோ கேபிளையோ பாருங்கள். கால் மணி, அரை மணி கழித்து நின்றால் சூடு.

விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் என்ன அர்த்தம் என்பது பேடுக்குப் பேட் மாறும். குறிப்புத்தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

2. கவரைக் கழற்றி, வெறும் போனை வையுங்கள்

கவர், அதில் ஒட்டிய விரல் வளையம், பின்பக்கப் பையில் இருக்கும் ஏடிஎம் கார்டு, மெட்ரோ கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கார்டை முதலில் எடுங்கள். பேடின் காந்தப்புலம் கார்டின் சிப்பையோ காந்தப் பட்டையையோ கெடுத்துவிடக்கூடும். புது கார்டு வாங்க அலைவது இதைவிடப் பெரிய வேலை.

வெறும் போன் ஐந்து நிமிடம் நிற்காமல் சார்ஜ் ஏறினால் போனும் பேடும் நலம், கவர் பக்கம்தான் கோளாறு. படி 3, 4, 5 உங்களுக்கானவை. வெறும் போனிலும் நின்று நின்று வந்தால் படி 3ஐ முடித்துவிட்டு நேராக 6க்குப் போங்கள்.

3. காயிலின் நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

பேடின் நடு என்பது அதன் வட்டத்தின் நடுவேதான் இருக்கும். போனில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலான போன்களில் பின்பக்கத்தின் நடுவை ஒட்டியே காயில் இருந்தாலும், கேமராவுக்கு இடம் விட்டுச் சிலவற்றில் கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து வைப்பதை நம்ப வேண்டாம்.

வெறும் போனைப் பேடின் நடுவில் வையுங்கள். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் போனை மெதுவாக மேல்நோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே பேடின் விளிம்பு போனின் பக்கவாட்டில் எங்கே படுகிறது என்று டேப்பில் கோடு போடுங்கள். பிறகு கீழ்நோக்கி நகர்த்தி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே பேடின் விளிம்பு வரும்படி வைத்தால் மேல்-கீழ் திசையில் சரியான இடம் அதுதான். இடம்-வலத்துக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு தடவை நகர்த்திய பிறகும் மூன்று நான்கு நொடி பொறுங்கள். பேடுக்கு நின்றுபோனது தெரியவே இரண்டு நொடி ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அவசரமாக நகர்த்தினால் கோடு தப்பான இடத்தில் விழும்.

இங்கே வழக்கமாக ஏமாறும் இடங்கள் சில உண்டு. அகலமான தட்டைப் பேடில் போனை முழுதாகப் படுக்க வைத்தால், புடைத்த கேமரா பேடின்மேல் ஏறி உட்கார்ந்து, போன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கேமரா பகுதி பேடுக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். நிற்க வைக்கும் ஸ்டாண்ட் வகையில் போனின் அடிப்பாகம் ஒரு விளிம்பில் உட்காரும், நாம் நகர்த்த முடியாது. முரட்டுக் கவரின் அடிப்பக்கத் தடிப்பு போனை இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கிவிடும், காயிலும் அதே அளவு மேலே போய்விடும். ஸ்டாண்டில் போனைப் படுக்கை வசமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஏறினால் உயரம்தான் பிரச்சினை.

இரவில் மட்டும் நின்றுபோகிறது என்பவர்கள் வைப்ரேஷனை அணைத்துப் பாருங்கள். வழுவழுப்பான பேடில் ஒவ்வொரு மெசேஜுக்கும் போன் அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகரும். காலையில் பார்த்தால் பேடின் ஓரத்தில் கிடக்கும்.

4. தாளை அடுக்கித் தடிமனை அளங்கள்

எனக்கு மிகவும் உதவிய சோதனை இது. எந்தக் குறிப்புத்தாளிலும் இல்லை.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. பத்துத் தாள் ஒரு மி.மீ. ஆகிறது. ஐம்பது தாளை எண்ணி, பத்துப் பத்தாகப் பிரித்து வையுங்கள். பின் அடித்த தாள், பளபளப்பு ஒட்டிய அட்டை வேண்டாம். வெறும் போனைப் படி 3இல் கண்ட சரியான இடத்தில் வைத்து, பேடுக்கும் போனுக்கும் நடுவே பத்துத் தாள் செருகுங்கள். சார்ஜ் ஏறுகிறதா? ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு இருபது, முப்பது என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு இடத்தில் அந்த ‘டிங்’ ஆட்டம் தொடங்கும். அதற்கு முந்தைய எண்ணிக்கைதான் உங்கள் பேடும் உங்கள் போனும் சேர்ந்து தாங்கும் கவர் தடிமன். சோதனை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

இப்போது கவரை அளக்க வேண்டும். கவரின் விளிம்பை அளக்காதீர்கள், அது எப்போதும் தடிமனாகவே இருக்கும். பின்பக்கத்தின் நடுப்பகுதியைத்தான் அளக்க வேண்டும். கேமரா ஓட்டை வழியாகக் கவரின் தடிமன் தெரியும். அதன் பக்கத்தில் தாள் அடுக்கை வைத்து எத்தனை தாளுக்குச் சமம் என்று ஒப்பிடலாம். ஓட்டையைச் சுற்றி மேடு இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஹார்டுவேர் கடையில் வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது.

மச்சான் போனில் கிடைத்த கணக்கைச் சொல்கிறேன். வெறும் போன் சரியான இடத்தில் இருந்தபோது நாற்பது தாள்வரை தடையில்லாமல் ஏறியது, ஐம்பதில் திக்கியது. அவர் கவர் 3.5 மி.மீ., அதாவது முப்பத்தைந்து தாள். கணக்குப்படி ஓட வேண்டும், ஆனால் ஓடவில்லை. போனை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து அதே சோதனையைச் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது: தள்ளி வைத்த நிலையில் இருபது தாளுக்கு மேல் தாங்கவில்லை. தடிமனும் விலகலும் ஒரே பர்ஸிலிருந்து செலவாகிறவை. தடித்த கவர் போட்டவர் மிகச் சரியாக வைத்தால் ஏறும்; மெல்லிய கவர் போட்டவர் தூக்கக் கலக்கத்தில் ஏனோதானோ என்று வைத்தாலும் ஏறும். ‘நேற்று ஏறியது, இன்று ஏறவில்லை’ என்ற புலம்பல் வருவது இதனால்தான்.

இந்த எண்கள் அந்தப் போனுக்கும் அந்தப் பேடுக்கும் மட்டுமே. உங்களுடையது வேறாக இருக்கும். பேட்களின் குறிப்புத்தாளில் பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. வரை கவர் தாங்கும் என்று போட்டிருப்பார்கள்; அது போன் நடுவில் கச்சிதமாக இருக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவர் வாங்கும்போது, உங்கள் சோதனையில் வந்த தாள் எண்ணிக்கையில் பாதிக்குள் இருக்கும்படி பாருங்கள். மீதிப் பாதி விலகலுக்கு. வளையும் பிளாஸ்டிக்கில் வரும் சாதாரண டிபியு கவர் ஒன்றரை மி.மீ. அளவில்தான் இருக்கும், விலையும் சில நூறு ரூபாய்.

5. உலோகத்தைத் தேடுங்கள்

காரில் காந்த ஹோல்டரில் ஒட்டுவதற்காகக் கவருக்குள் ஒரு வட்ட இரும்புத் தகடு வைப்போமே, அதுதான் இந்தக் கதையின் பெரிய வில்லன். காயிலின் நடுவே இரும்பு இருந்தால் காந்தப்புலம் போனுக்குப் போகாமல் தகட்டிலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதைச் சூடாக்கும். பேடும் கணக்குப் பார்க்கும்: நான் இவ்வளவு அனுப்பினேன், போன் இவ்வளவுதான் வந்தது என்கிறது, மீதி எங்கே? மீதி ஓர் அளவைத் தாண்டினால் நடுவில் அந்நியப் பொருள் இருக்கிறது என்று நிறுத்திவிடும். இது உங்கள் பாதுகாப்புக்குத்தான். மலிவான, சான்றிதழ் இல்லாத பேடில் இந்தக் காவல் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது சார்ஜ் நிற்காது, தகடு கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். அதனால் ‘தகடு இருந்தும் என் போனில் ஏறுகிறதே’ என்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். தகட்டைத் தொட்டுப் பாருங்கள்.

தகடு இருப்பதே தெரியாத கவர்களும் உண்டு. தோல் மாதிரியான கவர்களில் அதை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் மேக்னெட்டைக் கவரின் பின்பக்கம் முழுக்கத் தடவுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே இரும்போ காந்தமோ இருக்கிறது. அலுமினியத்தை மேக்னெட் இழுக்காது; அது சார்ஜிங்கைத் தடுப்பதில் இரும்புக்குக் குறைந்ததல்ல. ஆகவே பளபளக்கும் உலோகப் பூச்சு, அலுமினியத் தட்டு போட்ட கவரைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

தகடு வேண்டும், வயர்லெஸும் வேண்டும் என்றால் வழி மூன்று. முதலாவது, தகட்டைப் போனின் அடிப்பகுதிக்கு நகர்த்துவது. படி 3இல் கண்ட நடுப்புள்ளியிலிருந்து காயிலின் வட்டத்துக்கு முழுக்க வெளியே போக வேண்டும். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்று செ.மீ. காலியாக விடுங்கள். கார் ஹோல்டரில் போன் மேல்பாரமாகத் தொங்கும், மேடு பள்ளத்தில் ஆடும். எனக்குப் பிடிக்காத வழி, ஆனால் செலவில்லை.

இரண்டாவது, முழுத் தகட்டுக்குப் பதில் நடுவில் ஓட்டையுள்ள வளையம் ஒட்டுவது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எங்கேயும் வெட்டு இல்லாத முழு உலோக வளையம் காயிலைச் சுற்றி உட்கார்ந்தால், தானே ஒரு சுற்றுக் கம்பியாக மாறி மின்சாரத்தைத் தின்னும். ஓரிடத்தில் இடைவெளி விட்ட வளையமாகவோ, தனித்தனிக் காந்தத் துண்டுகளை வட்டமாக அடுக்கியதாகவோ பார்த்து வாங்குங்கள். ஒட்டும்போது வளையத்தின் நடு, காயிலின் நடுப்புள்ளியில் வர வேண்டும்.

மூன்றாவது, காந்தம் உள்ளேயே பதித்த கவர். 2020இல் ஆப்பிள் ஐபோன் 12இல் கொண்டுவந்த மேக்சேஃப் வட்டக் காந்த அமைப்பு இது; 2023இல் வந்த ‘ச்சீ2’ (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரத்திலும் அதே யோசனைதான். காந்தப் பேடில் வைத்தால் அதுவே போனை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், படி 3இன் வேலையே இல்லை. போனில் காந்தம் இல்லாவிட்டாலும் கவரின் காந்தமே பிடித்துக்கொள்ளும். ஆனால் காந்தமுள்ள ஐபோனுக்குக் காந்தமில்லாத தடிக் கவர் போட்டால் இழுவிசை குறைந்து பேட் வழுக்கும். அது ஒட்டியதுபோலத் தெரியும், சார்ஜ் மட்டும் நின்று நின்று வரும்.

மச்சான் கவரிலும் தகடு இருந்தது. அதை எடுத்த பிறகும் தொல்லை முழுக்கத் தீராததால்தான் ‘தகடு காரணமில்லை’ என்று அவர் தகட்டைத் திரும்ப வைத்துவிட்டார். உண்மையில் காரணம் இரண்டு: தகடு ஒன்று, தடிமனோடு விலகல் இன்னொன்று. ஒன்றை நீக்கிவிட்டு அடுத்ததைத் தேடும்போது, முதலில் நீக்கியதைத் திரும்ப வைக்காதீர்கள்.

தகட்டைப் போனின் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தால் கத்தி போட்டு நெம்ப வேண்டாம். ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, பல் இடுக்கில் இழுக்கும் நூலைப் பசைக்குள் அறுப்பது போல இழுங்கள். பின்பக்கக் கண்ணாடி மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

6. அடாப்டரைச் சந்தேகியுங்கள்

பேடின் விளக்கே அணைந்து எரிந்தால் இங்கே வாருங்கள். 15 வாட் பேடுக்குப் பெரும்பாலும் PD என்று போட்டிருக்கும் 20 வாட் அடாப்டர் வேண்டும். லேப்டாப்பின் யூஎஸ்பி ஓட்டையிலோ பழைய 5 வாட் அடாப்டரிலோ செருகினால், போன் அதிகம் கேட்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து பேட் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காரில் இது அடிக்கடி நடக்கும். நல்ல அடாப்டரை யாரிடமாவது ஒருநாள் கடன் வாங்கிச் சோதியுங்கள், தேவை என்று உறுதியானபின் வாங்குங்கள். சாம்சங் போன் என்றால் பேட்டரி செட்டிங்கில் Fast wireless charging என்பதை அணைத்தும் பார்க்கலாம். அணைத்ததும் நிற்காமல் ஏறினால் அடாப்டருக்கோ கேபிளுக்கோ சக்தி போதவில்லை, அல்லது சூடு தாங்கவில்லை.

7. சூடு

கேபிளைவிட வயர்லெஸில் வீணாகும் மின்சாரம் அதிகம். அது சூடாகத்தான் வெளியேறும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் அறை வெப்ப வரம்பே 35 டிகிரி. சித்திரை மாதத்தில் ஃபேன் மட்டும் ஓடும் அறையிலும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலும் அது சுலபமாகத் தாண்டும். கால் மணிக்கு ஒருமுறை நின்று, போன் ஆறியதும் தானாகத் தொடங்கினால் கவரைக் கழற்றி வைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. மேப் ஓடிக்கொண்டிருக்கும் போனுக்குக் காரில் கேபிளே போடுங்கள்.

8. அப்போதும் தீராவிட்டால்

வெறும் போன், சரியான இடம், போதுமான அடாப்டர், குளிர்ந்த அறை. இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் இரண்டு குறுக்குச் சோதனை செய்யுங்கள். வேறொருவர் போனை உங்கள் பேடில் வையுங்கள், உங்கள் போனை வேறு பேடில் வையுங்கள். எது போன இடமெல்லாம் கோளாறும் கூடவே போகிறதோ, அதுதான் பழுது.

பேட் என்றால் நாளைக் கடத்தாதீர்கள். ஆன்லைனில் வாங்கியவற்றுக்கு மாற்றிக்கொள்ளும் அவகாசம் பல நேரம் 7 நாள் அல்லது 10 நாள்தான். அதற்குப் பிறகு கம்பெனி வாரண்டிக்குப் போக வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். பில், பேடின் சீரியல் எண் தெரியும் படம், கவர் இல்லாத போன் நின்று நின்று சார்ஜ் ஆகும் ஒரு நிமிட வீடியோ மூன்றையும் தயாராக வைத்திருங்கள். வீடியோவில் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவும் தெரியட்டும். ‘உங்கள் அடாப்டர் சரியில்லை’ என்பதுதான் அவர்களின் முதல் பதில். நியாயமான கோரிக்கையைத் தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம்.

போன் என்றால், சமீபத்தில் வெளிக்கடையில் பேட்டரியோ பின்கண்ணாடியோ மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றும்போது காயிலின் இணைப்பு சரியாக உட்காராமல் போவதுண்டு. அதே கடைக்குப் போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இன்னொரு கடையில் புது காயிலுக்குப் பணம் கட்டும் முன். பின்கண்ணாடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கலாம்; சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்திவிட்டு, போனை அழுத்தாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.